எந்தக் கணுவைத் திறப்பது, எந்த மாறியைப் பிளப்பது

ஒரு பட்டறையில் இரும்பு பீரோவும் டிராயர் வைத்த மேசையும் செய்கிறார்கள். ஒரு பீரோவுக்கு 5 தகடும் 3 ஆள்நாள் வேலையும் பிடிக்கும். மேசைக்கு 3 தகடு போதும். ஆனால் டிராயர் வேலை இருப்பதால் 4 ஆள்நாள் ஆகிவிடும். இந்த வாரம் கையில் இருப்பவை 29 தகடும் 27 ஆள்நாளும்தான். பீரோ ஒன்றுக்கு 5 ஆயிரம் ரூபாய் லாபம், மேசை ஒன்றுக்கு 4 ஆயிரம். எதை எத்தனை செய்வது?

```
max  5x + 4y
     5x + 3y <= 29
     3x + 4y <= 27
     x, y >= 0, integer
```

x என்பது பீரோ, y என்பது மேசை. 'முழு எண்ணாக இருக்கவேண்டும்' என்ற நிபந்தனையை மட்டும் சற்று நேரம் மறந்துவிட்டால், இது சாதாரண நேரியல் திட்டமிடல் கணக்கு. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விடை கிடைக்கும்: x = 3.18, y = 4.36, லாபம் 33.36 ஆயிரம். 0.18 பீரோவை யாரும் வாங்கப்போவதில்லை. ஆனாலும் அந்த 33.36 வீணான எண் இல்லை. நிபந்தனையைத் தளர்த்தியே 33.36தான் கிடைத்தது என்றால், நிபந்தனையோடு அதைவிட அதிகம் கிடைக்க வழியே இல்லை. இப்படித் தளர்த்திய கணக்கு தரும் உச்சத்தைத்தான் வரம்பு என்கிறோம்.

அடுத்த வேலை, முழு எண்ணாக வராத ஒரு மாறியை எடுத்துக் கணக்கை இரண்டாகப் பிளப்பது. y = 4.36 ஆக இருக்க முடியாது. ஒன்று 4 அல்லது அதற்குக் கீழே, இல்லையேல் 5 அல்லது அதற்கு மேலே. இந்த இரண்டையும் தனித்தனிக் கணக்காக மறுபடி தீர்க்கிறோம். ஒவ்வொரு கணக்கும் ஒரு மரத்தின் கணு. ஏதாவது ஒரு கணுவில் எல்லாம் முழு எண்ணாக அமைந்துவிட்டால் அது கைவச விடை. வேறொரு கணுவின் வரம்பு அந்தக் கைவச விடையைத் தாண்டவில்லை என்றால், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே வெட்டிவிடலாம். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் இருந்த ஏல்சா லேண்டும் அலிசன் டாய்கும் 1960இல் வெளியிட்ட முறை இதுதான். பிராஞ்ச் அண்ட் பவுண்ட் என்ற பெயர் மூன்று ஆண்டுகள் கழித்து, பயண விற்பனையாளர் கணக்கைப் பற்றிய வேறொரு கட்டுரையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. நாம் கிளை-வரம்பு முறை என்று சொல்லிக்கொள்ளலாம்.

முறை இவ்வளவுதான். ஆனால் இதில் இரண்டு இடங்களை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். பல கணுக்கள் திறந்து கிடக்கும்போது அடுத்து எதை எடுப்பது? எடுத்த கணுவில் பல மாறிகள் பின்னமாக நிற்கும்போது எதைப் பிளப்பது? எதை எப்படித் தேர்ந்தாலும் கடைசியில் அதே விடைதான் வரும். அது இன்று மாலை வருமா, அடுத்த மாதம் வருமா என்பதுதான் கேள்வி.

ஒரே மரம், மூன்று நடை

நம் பட்டறைக் கணக்கில் முதலில் y-ஐப் பிளந்தால், எதையும் வெட்டாமல் முழுதாக விரித்த மரம் இப்படி இருக்கும். z என்பது அந்தக் கணுவின் வரம்பு.

```
வேர்: x=3.18 y=4.36   z=33.36
├─ y<=4: x=3.4 y=4     z=33
│   ├─ x<=3: (3,4)     z=31
│   └─ x>=4: (4,3)     z=32
└─ y>=5: x=2.33 y=5    z=31.67
    ├─ x<=2: x=2 y=5.25  z=31
    │   ├─ y<=5: (2,5)   z=30
    │   └─ y>=6: (1,6)   z=29
    └─ x>=3: விடை இல்லை
```

ஆழம் முதல் என்ற நடையில், கடைசியாகப் பிறந்த கணுவையே அடுத்துத் திறக்கவேண்டும். முட்டுச் சந்து வரும் வரை இறங்கி, பிறகு ஒரு படி பின்னால் வந்து மற்றப் பக்கம் இறங்கவேண்டும். எப்போதும் 'பெரிய பக்கம் முதலில்' என்று வைத்துக்கொண்டால் முதலில் y>=5க்குள் போகிறோம். அங்கே x>=3இல் விடையே இல்லை. x<=2க்கு வந்து, அதன் கீழே (1,6) என்று ஓர் விடை, லாபம் 29. பக்கத்தில் (2,5), லாபம் 30. இவ்வளவும் முடித்த பிறகுதான் y<=4 பக்கம் திரும்புகிறோம். அங்கே முதல் கணுவிலேயே 32 கிடைக்கிறது, மற்றது 31. ஆக ஒன்பது கணுவையும் தீர்த்தாயிற்று.

சிறந்த வரம்பு முதல் என்ற நடை வேறு மாதிரி. திறந்து கிடக்கும் கணுக்களில் எதன் வரம்பு பெரியதோ அதையே எடுக்கவேண்டும். வேரைப் பிளந்ததும் 33, 31.67 என்று இரண்டு வரம்புகள் கையில் இருக்கின்றன. 33ஐ எடுக்கிறோம். அதன் கீழே 31ம் 32ம் வருகின்றன. இரண்டும் முழு எண் விடைகள். கைவச விடை 32 ஆகிவிட்டது. y>=5இன் வரம்பு 31.67, 32ஐ எட்டவில்லை. வெட்டு. தீர்த்த கணுக்கள் ஐந்து.

இதைப் பார்த்தவுடன் இரண்டாவது நடைதான் நல்லது என்று முடிவுகட்டத் தோன்றும். அவசரப்படவேண்டாம். ஆழம் முதல் நடையையே 'சின்னப் பக்கம் முதலில்' என்று மாற்றிப் பாருங்கள். முதலில் y<=4, அதன் கீழே 31, பிறகு 32, பிறகு y>=5ஐத் தீர்த்ததும் 31.67 என்று தெரிந்து வெட்டு. அதுவும் ஐந்தே கணுதான். ஆழம் முதல் நடை மோசமானது என்று இதற்குப் பொருளில்லை. தவறான பக்கம் இறங்கிவிட்டால் அது தானாகத் திரும்பி வராது. அதுதான் அதன் குணம்.

இதற்குள் ஒரு திட்டவட்டமான உண்மை இருக்கிறது. சரியான விடை 32. 32ஐவிடப் பெரிய வரம்புள்ள கணுக்கள் இந்த மரத்தில் இரண்டே இரண்டு: வேர் (33.36), y<=4 (33). இவை இரண்டையும் எந்த நடையில் போனாலும் பிளந்தே ஆகவேண்டும். ஏனெனில் 32ஐக் கையில் வைத்துக்கொண்டு இவற்றை வெட்ட முடியாது. மாறியைத் தேர்ந்தெடுக்கும் விதி மாறாமல் இருக்கும் வரை, சிறந்த வரம்பு முதல் நடை இப்படிக் கட்டாயமாகப் பிளக்கவேண்டிய கணுக்களையே பிளக்கிறது (விடைக்குச் சமமான வரம்புள்ள கணுக்கள் மட்டும் விதிவிலக்கு). ஆழம் முதல் நடை y>=5ஐயும் x<=2ஐயும் தேவையில்லாமல் பிளந்தது; அப்போது கையில் 32 இல்லாததுதான் காரணம். 32 என்ற விடையை யாராவது முன்கூட்டியே காதில் சொல்லியிருந்தால் இரண்டு நடைக்கும் வேறுபாடே இருந்திருக்காது. எனவே கணுத் தேர்வு என்பது பெரும்பாலும் நல்ல கைவச விடை எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறது என்ற கேள்விதான்.

அப்படியென்றால் ஆழம் முதல் நடையை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்? மூன்று காரணங்கள். முதலாவது, முழு எண் விடைகள் பெரும்பாலும் மரத்தின் ஆழத்தில்தான் கிடக்கும். நம் பொம்மைக் கணக்கில் இரண்டே படியில் விடை வந்துவிட்டது. ஆயிரம் மாறிகள் உள்ள கணக்கில் சிறந்த வரம்பு முதல் நடை மரத்தின் மேல்பகுதியிலேயே அகலவாக்கில் மேய்ந்துகொண்டிருக்கும். மணிக்கணக்கில் ஒரு விடைகூடக் கைக்கு வராது. இரண்டாவது, நினைவகம். இரண்டிரண்டாகப் பிளக்கும் மரத்தில் ஆழம் முதல் நடை ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு கணுவை மட்டும் பாக்கி வைக்கும். 60 படி இறங்கியிருந்தால் சுமார் 60 கணு. மற்ற நடையில் திறந்த கணுக்கள் லட்சக்கணக்கில் குவியும். மூன்றாவதைப் புதிதாகப் படிப்பவர்கள் கவனிப்பதில்லை. எனக்கும் வெகு நாள் புரியவில்லை. தாய்க் கணுவுக்கும் சேய்க் கணுவுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு எல்லைதான். தாயைத் தீர்த்த கையோடு சேயைத் தீர்த்தால், நேரியல் கணக்கைத் தீர்க்கும் டூயல் சிம்ப்ளெக்ஸ் என்ற முறை பழைய விடையிலிருந்தே தொடங்கிச் சில அடிகளில் முடித்துவிடும். மரத்தின் இன்னொரு மூலைக்குத் தாவினால் அந்த வசதி குறைந்துபோகும். கணு எண்ணிக்கை குறைந்தும் கடிகாரத்தில் நேரம் கூடியிருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அதனால் இன்றைய தீர்வி மென்பொருள்கள் இரண்டையும் கலந்தே நடக்கின்றன. நல்ல வரம்புள்ள கணு ஒன்றை எடுத்து, அங்கிருந்து சேய், பேரன் என்று கொஞ்ச தூரம் நேரே இறங்கி, வழி அடைபட்டதும் மேலே வந்து மறுபடி நல்ல கணு ஒன்றுக்குத் தாவும். இந்த இறக்கத்தைப் பிளஞ்சிங் என்கிறார்கள். தாவும்போதும் வரம்பை மட்டும் பார்க்காமல், 'இந்தக் கணுவின் கீழே கிடைக்கக்கூடிய முழு எண் விடை ஏறக்குறைய எவ்வளவு இருக்கும்' என்று மதிப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் உண்டு.

எந்த நடை காலை வாருகிறது என்பதைத் தீர்வியின் பதிவைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். எஸ்சிஐபி என்ற தீர்வி ஓடும்போது `primalbound`, `dualbound`, `left` என்ற பத்திகளைக் காட்டும். முதலாவது கைவச விடை, இரண்டாவது திறந்த கணுக்களில் மிகச் சிறந்த வரம்பு, மூன்றாவது திறந்து கிடக்கும் கணுக்களின் எண்ணிக்கை. `left` சிறிதாகவே இருக்கிறது, கணுக்கள் வேகமாகத் தீர்கின்றன, ஆனால் `dualbound` மணிக்கணக்கில் ஒரே எண்ணில் உறைந்து நிற்கிறது என்றால், ஆழம் முதல் நடை வேரின் ஒரு பக்கத்திலேயே சிக்கியிருக்கிறது. தொடாத மறுபக்கத்தின் வரம்புதான் அங்கே அசையாமல் நிற்கிறது. ஒருமுறை இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தபோது, தீர்த்த கணுக்களின் எண்ணிக்கையைக் கண்டு மகிழ்ந்துபோனேன். வரம்புப் பத்தியைப் பார்த்த பிறகுதான் அது முதல் நிமிடத்தில் இருந்த அதே எண் என்று தெரிந்தது. அதற்கு மாறாக `left` ஏறிக்கொண்டே போய், வரம்பு மெல்ல நகர்ந்து, கைவச விடை மட்டும் வரவே இல்லை என்றால் இன்னும் ஆழமாக இறங்கவேண்டும்.

எதைப் பிளப்பது

கணுத் தேர்வு, இருக்கும் மரத்தில் எப்படி நடப்பது என்பது மட்டும். மாறித் தேர்வு மரத்தையே மாற்றிவிடும். கைவச விடைக்கும் வேரின் வரம்புக்கும் 20 ஆயிரம் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறை பிளக்கும்போதும் இரு பக்கமும் வரம்பு ஓர் ஆயிரம் இறங்கினால், 20 படி ஆழம் போனால்தான் எல்லாக் கணுவையும் வெட்ட முடியும். அடிமட்டத்தில் 2-இன் 20ஆம் அடுக்கு, அதாவது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணுக்கள். ஒவ்வொரு முறையும் இரண்டாயிரம் இறங்கும் மாறிகளாகப் பார்த்து எடுத்திருந்தால் 10 படி போதும், 1,024 கணு. இறக்கம் இரண்டு மடங்கானால் மரம் ஆயிரத்தில் ஒரு பங்காகிறது. ஆகவே நல்ல மாறி என்றால், பிளந்ததும் இரண்டு பக்கமும் வரம்பை நன்றாக இறக்கும் மாறி என்று பொருள்.

எவருக்கும் முதலில் தோன்றும் விதி, அரைக்கு மிக அருகில் நிற்பதைப் பிளப்பது. 0.5இல் நிற்கும் மாறிதான் மிகவும் தடுமாறுகிறது, அதை முதலில் தீர்த்துவைப்போம் என்ற நினைப்பு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஆக்டர்பெர்க், கோக், மார்ட்டின் மூவரும் 2005இல் வெளியிட்ட ஒப்பீட்டில் இந்த விதி, குலுக்கல் முறையில் ஏதோ ஒரு மாறியை எடுப்பதைவிடத் தேறவில்லை.

ஏன் என்று ஒரு சரக்குக் கணக்கை வைத்துப் பார்க்கலாம். ஒரு கிடங்கைத் திறக்க 50,000 ரூபாய் ஆகும், 1,000 மூட்டை பிடிக்கும். இங்கே குறைக்கவேண்டியது செலவை. 80 மூட்டைகளை இங்கே வைப்பது நல்லது என்று தளர்த்திய கணக்கு முடிவு செய்கிறது. அதற்கு 'திறப்பதா' என்ற மாறியை 0.08 ஆக வைத்து, 4,000 ரூபாய் மட்டும் செலவு எழுதிக்கொள்கிறது. கிடங்கின் கதவை எட்டு சதவீதம் திறந்தது போல. அதே கணக்கில் ஒரே மாதிரியான இரண்டு லாரிகள். ஒரு பொதி இந்த லாரியில் 0.5, அந்த லாரியில் 0.5.

அரைக்கு அருகில் என்ற விதி லாரியைப் பிளக்கும். பொதியை இதில் ஏற்றினாலும் அதில் ஏற்றினாலும் செலவு மாறாது. இரு பக்கமும் மாற்றம் பூஜ்யம். ஒரு கணு இரண்டு கணுவானதுதான் மிச்சம். கிடங்கைப் பிளந்தால்? வேறெதையும் மாற்றாமல் பார்த்தால், திறந்தே ஆகவேண்டும் என்ற பக்கத்தில் செலவு 46,000 ஏறும். மூடியே ஆகவேண்டும் என்ற பக்கத்தில் 80 மூட்டைகளும் தொலைவிலுள்ள கிடங்குக்குப் போகவேண்டும். மூட்டைக்கு 80 ரூபாய் கூடுதல் என்றால் 6,400. அதில் மிச்சமான 4,000ஐக் கழித்தால் 2,400 ஏற்றம். 0.08இல் நின்ற மாறி இரு பக்கமும் கணக்கை அசைத்துவிட்டது. பின்னம் எவ்வளவு என்பதும் விளைவு எவ்வளவு என்பதும் வேறு வேறு.

விளைவை அறிய நேர்மையான வழி, வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்பது. பின்னமாக நிற்கும் ஒவ்வொரு மாறியையும் ஒரு தடவை பிளந்து, இரண்டு சேய்களையும் தீர்த்து, வரம்பு எவ்வளவு இறங்கியது என்று குறித்துக்கொண்டு, பிறகுதான் உண்மையில் எதைப் பிளப்பது என்று முடிவு செய்வது. ஸ்ட்ராங் பிராஞ்சிங் என்ற இந்த முறை 1990களில் பெரிய பயண விற்பனையாளர் கணக்குகளைத் தீர்க்க முனைந்தவர்களிடமிருந்து வந்தது. நம் பட்டறையில் x-ஐப் பிளந்தால் x<=3இல் வரம்பு 33, x>=4இல் 32; இறக்கங்கள் 0.36, 1.36. y-ஐப் பிளந்தால் 33ம் 31.67ம், இறக்கங்கள் 0.36, 1.70. இரண்டு இறக்கத்தையும் பெருக்கி மதிப்பெண் போடுவது வழக்கம்:

```
x: 0.364 * 1.364 = 0.50
y: 0.364 * 1.697 = 0.62
```

y முந்துகிறது. கூட்டாமல் ஏன் பெருக்கவேண்டும்? ஒரு மாறி ஒரு பக்கம் 10 இறக்கி மறுபக்கம் 0 என்றால் கூட்டுத்தொகை அழகாக இருக்கும். ஆனால் அந்த மறுபக்கத்துச் சேய், தாயின் வரம்போடு அப்படியே நிற்கும். பெருக்கினால் அந்தப் பூஜ்யம் மறைய முடியாது. (எல்லா மாறிக்கும் பூஜ்யமே வந்து ஒப்பிட முடியாமல் போய்விடக்கூடாது என்பதற்காக, பூஜ்யத்துக்குப் பதில் 0.000001 போன்ற ஒரு சின்ன எண்ணை வைத்துக்கொள்வார்கள்.)

ஆனாலும் y-ஐப் பிளந்து பெரிய பக்கமாகவே ஆழம் முதல் நடந்தபோதுதான் ஒன்பது கணு ஆயிற்று. முதலில் x-ஐப் பிளந்திருந்தால் அதே பெரிய பக்கமாக நடந்தும் ஐந்தோடு முடிந்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மதிப்பெண் பொய் சொல்லவில்லை. அது மரம் எவ்வளவு சுருங்கும் என்று ஊகிக்கிறது. எந்தப் பக்கம் முதலில் போவது என்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. அதற்குத் தீர்விகளில் தனி விதி இருக்கிறது.

வெள்ளோட்டத்தின் குறை செலவு. ஒரு கணுவில் 300 மாறிகள் பின்னமாக நின்றால் 600 கணக்குகளைத் தீர்த்த பிறகுதான் ஓர் அடி எடுத்து வைக்க முடியும். இதற்கு மாற்றாக 1971லேயே ஒரு யோசனை இருந்தது: ஏற்கெனவே பிளந்தபோது கிடைத்த அனுபவத்தைக் குறித்துவைத்து மறுபடி பயன்படுத்துவது. y 4.36இலிருந்து 5க்கு ஏறியபோது 0.64 தூரத்துக்கு வரம்பு 1.70 இறங்கியது, ஒரு முழு அலகுக்கு 2.67. கீழே 4க்கு வந்தபோது 0.36 தூரத்துக்கு 0.36, அலகுக்கு 1. சூடோகாஸ்ட் என்பது இந்த விகிதம்தான். இதை வைத்து மரத்தில் y = 5.25 என்று நின்ற கணுவை ஊகித்துப் பார்ப்போம். மேலே 6க்குப் போக 0.75 தூரம், 2.67ஆல் பெருக்கினால் 2 இறங்கவேண்டும். மரத்தில் 31இலிருந்து 29, சரியாக 2. கீழே 5க்கு வர 0.25 தூரம், ஊகம் 0.25. மரத்திலோ 31இலிருந்து 30, முழுதாக 1. ஒரு பக்கம் பலித்தது, மறுபக்கம் நான்கில் ஒரு பங்குதான் சொன்னது. ஒரே ஓர் அனுபவத்தை நம்பினால் இப்படித்தான் ஆகும்.

வேரில் அந்த ஓர் அனுபவமும் கிடையாது. அங்கே எடுக்கும் முடிவோ முழு மரத்தையும் பாதிக்கும். ஆக்டர்பெர்க் முதலானோரின் அதே 2005 கட்டுரை இதற்கொரு தீர்வு சொன்னது: ஒரு மாறியைப் பற்றிய அனுபவம் சில தடவை சேரும் வரை வெள்ளோட்டம், சேர்ந்த பிறகு சூடோகாஸ்ட். இதனால் வெள்ளோட்டச் செலவு பெரும்பாலும் மரத்தின் உச்சியிலேயே ஆகிவிடுகிறது. செலவழிக்கத் தகுந்த இடமும் அதுதான். எஸ்சிஐபியில் சொல்லாமலே நடப்பது இதுதான். அதைக் கெடுத்துப் பார்க்கவேண்டுமானால், கணக்கைப் படிக்கவைத்த பிறகு இரண்டே கட்டளைகள்:

```
set nodeselection dfs stdpriority 1000000
set branching mostinf priority 1000000
```

முதலாவது ஆழம் முதல் நடையைத் திணிக்கிறது, இரண்டாவது அரைக்கு அருகில் என்ற விதியைத் திணிக்கிறது. இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றி, கணு எண்ணிக்கையையும் நேரத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டறை அளவுக் கணக்கில் எதுவும் தெரியாது. தீர்வி முன்தயாரிப்பிலேயே அதை விழுங்கிவிடும். சில நூறு முழு எண் மாறிகளாவது வேண்டும்.

லாரிக் கணக்கில் மட்டும் எந்த விதியும் உதவாது. இருபது லாரிகளும் ஒரே மாதிரி இருந்தால் எந்தப் பொதி மாறியைப் பிளந்தாலும் இறக்கம் பூஜ்யம்தான். வெள்ளோட்டம் அதைத் துல்லியமாக அளந்து சொல்லும், அவ்வளவே. அங்கே மாற்றவேண்டியது கணக்கை எழுதிய விதத்தை: 'முதல் லாரியின் சுமை இரண்டாவதன் சுமைக்குக் குறையக்கூடாது, இரண்டாவதன் சுமை மூன்றாவதற்குக் குறையக்கூடாது' என்று வரிசை கட்டும் நிபந்தனைகளைச் சேர்த்து, ஒரே விடை வெவ்வேறு லாரி எண்களோடு திரும்பத் திரும்ப வரும் வழியை முடிந்தவரை அடைக்கவேண்டும்.